பார்த்து எடுக்க அனுப்பிய சரக்கு: மார்ச் 31 அன்று எது விற்பனை, எது இருப்பு?

தருமபுரியில் இருக்கும் ஒரு பட்டுப்புடவை மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். பென்னாகரம், பாலக்கோடு, ஓசூர், பெங்களூரு கடைகளுக்கு அவர் புடவைகளை அனுப்புகிறார். கடைக்காரர் விற்பதை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பலாம். கடைத்தெருவில் இதை "அப்ரூவலுக்கு அனுப்புவது" என்பார்கள். பாடப்புத்தகத்தில் "விற்பனை அல்லது திருப்பம்" என்று இருக்கும். சரக்கு வெளியே போய்விட்டது, ஆனால் விற்பனை ஆகவில்லை. ஆண்டு முடிவில் தடுமாற்றம் வருவது இந்த இடத்தில்தான்.

திரும்பி வராத சரக்கை எல்லாம் விற்பனையாக எழுதிவிடுவது ஒரு தவறு. திரும்பி வராததை எல்லாம் இருப்பாகவே வைத்திருப்பது இன்னொரு தவறு. இரண்டுக்கும் நடுவில் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: அனுப்பும்போது சலானில் எழுதிய கெடு தேதி. அதை எழுதாமல் விட்டால் பிறகு வரும் ஒவ்வொரு படியிலும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

சட்டம் எந்த நேரத்தை விற்பனை என்கிறது

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 24 இதைச் சொல்கிறது. பார்த்து எடுக்க அனுப்பிய சரக்கு மூன்று வழிகளில் வாங்குபவருக்குச் சொந்தமாகிறது. அவர் "எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அந்த நேரத்தில். சொல்லாவிட்டாலும், அந்தச் சரக்கைத் தன்னுடையதாக ஏற்றதைக் காட்டும் ஒரு செயலைச் செய்தால் அந்தச் செயலின்போது. இரண்டும் இல்லாமல், "வேண்டாம்" என்று அறிவிக்காமலும் கையில் வைத்திருந்தால், குறித்த கெடு முடியும்போது. கெடு குறிக்கவில்லை என்றால் "நியாயமான காலம்" கழிந்ததும்.

இரண்டாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. ஓசூர்க் கடைக்காரர் உங்கள் புடவையைத் தன் வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டால், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் அது உங்கள் விற்பனைதான். அடகு வைத்தாலும் அப்படியே. பார்த்து எடுக்க வாங்கிய நகையை ஒருவர் அடகு வைத்தது ஏற்புச் செயல்தான் என்று 1897-இல் இங்கிலாந்தில் தீர்ப்பே வந்திருக்கிறது.

மூன்றாவது வழியில் "வேண்டாம் என்று அறிவிக்காமல்" என்ற சொற்களை நிறுத்திப் படியுங்கள். கெடுவுக்குள் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சரக்கை இன்னும் வண்டியில் ஏற்றாத கடைக்காரர் வாங்கியவர் ஆகமாட்டார். சரக்கு அவர் அலமாரியில் இருந்தாலும் அது உங்கள் இருப்பு. திரும்பி வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை விற்பனையில் சேர்க்க முடியாது.

வருவாயை எப்போது எழுதலாம் என்று சொல்லும் கணக்கியல் தரநிலை 9-உம் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது: முறையான ஏற்பு, ஏற்பைக் காட்டும் செயல், மறுக்கும் காலம் முடிவது, காலம் குறிக்காவிட்டால் நியாயமான காலம் முடிவது. ஆகவே சட்டத்துக்கு ஒரு கணக்கு, புத்தகத்துக்கு ஒரு கணக்கு என்று பார்க்க வேண்டியதில்லை.

படி 1: சலான் எழுதுவது

விற்பனை இன்னும் நடக்காததால் இப்போது வரி பில் கிடையாது. ஜி.எஸ்.டி. விதி 55-இன்படி டெலிவரி சலான் எழுதி அனுப்ப வேண்டும். சலான் எண் தொடர் எண்ணாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தேதி, இரு தரப்பின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், பொருளின் பெயர், எச்.எஸ்.என். எண் (பட்டுத்துணிக்கு 5007), எண்ணிக்கை, மதிப்பு, கையெழுத்து எல்லாம் வேண்டும். மூன்று பிரதிகள் எழுதுங்கள்: ஒன்று பெறுபவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று உங்களுக்கு.

விதி கேட்காத இரண்டை நீங்களாகச் சேர்க்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு புடவையின் டேக் எண். "புடவை 24" என்று மட்டும் எழுதினால், திரும்பி வரும் 8 எந்த 8 என்று பின்னால் தெரியாது. அடக்க விலை புடவைக்குப் புடவை மாறும்போது ஆண்டு இறுதியில் இருப்பை மதிப்பிட வழியே இருக்காது. இரண்டு, கெடு தேதி. "30 நாள்" என்று எழுதினால் அனுப்பிய நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்ற வழக்கு வரும். தேதியாகவே எழுதுங்கள்:

"இந்தச் சரக்கு பார்த்து எடுக்க அனுப்பப்படுகிறது. 2025 பிப்ரவரி 10 மாலை 6 மணிக்குள் வேண்டாம் என்று எழுத்தில் அறிவிக்காத புடவைகள் வாங்கியதாகக் கொள்ளப்படும். இடையில் விற்ற புடவையின் டேக் எண்ணை அன்றே தெரிவிக்க வேண்டும்."

இதன் கீழே கடைக்காரரின் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி "எழுத்தில்" சேருமா என்பதையும் அங்கேயே குறிப்பிட்டுவிடலாம். சேரும் என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இ-வே பில் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில் தேவை. மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாயைத் தாண்டும்போதே தேவை. ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம், நம் மாநிலம். அதைத் தாண்டி அத்திப்பள்ளியைத் தொட்டால் கர்நாடகம். ஒரே வண்டியில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் சரக்கு போனால் இரண்டுக்கும் தனிச் சலான் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வரம்பைப் பாருங்கள். இ-வே பில் தளத்தில் ஆவண வகையாக `Delivery Challan` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே `Tax Invoice` என்று போட்டுவிட்டால் விற்பனையே நடந்ததாக உங்கள் கைப்படச் சொன்னதாகிவிடும்.

படி 2: புத்தகத்தில் எங்கே எழுதுவது

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் இப்படி அனுப்புபவர்கள் அனுப்பிய அன்றே சாதாரண விற்பனையாக எழுதி, வருடக் கடைசியில் திருத்துவது பழைய பழக்கம். பரீட்சைக் கணக்குகளிலும் இது உண்டு. ஜி.எஸ்.டி. வந்த பிறகு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விற்பனை வவுச்சர் போட்டால் அந்த மாத வரியில் அது ஏறிவிடும். விற்காத புடவைக்கு வரி கட்டிவிட்டுப் பிறகு கிரெடிட் நோட் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்குப் பதில் தனிப் பதிவேடு ஒன்று வையுங்கள். சலான் எண், அனுப்பிய தேதி, கடை, டேக் எண், அடக்க விலை, விற்பனை விலை, கெடு தேதி, ஆறு மாதம் முடியும் தேதி, முடிவு, முடிவான தேதி. இந்தப் பத்துப் பத்திகள் போதும். கடைசி இரண்டு பத்தி காலியாக இருக்கும் வரை அந்தப் புடவை பேரேட்டில் எந்தக் கடைக்காரர் பெயரிலும் பற்று ஆகக்கூடாது.

டேலியில் செய்பவர்கள் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கோடவுன் உருவாக்கி, `Stock Journal` மூலம் சரக்கை அங்கே மாற்றிவிடலாம். மொத்த இருப்பும் அதன் அடக்க மதிப்பும் மாறாது, இடம் மட்டும் மாறும். விற்பனை ஆனதும் பில் போடும்போது அந்தக் கடையின் கோடவுனிலிருந்து கழியுங்கள். மார்ச் 31 அன்று அந்தக் கோடவுன்களில் மிஞ்சியதும் பதிவேட்டில் முடிவாகாமல் கிடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு பில்லோ திருப்பமோ பதிவாகவில்லை.

படி 3: ஜி.எஸ்.டி.யின் ஆறு மாதம்

மத்திய ஜி.எஸ்.டி. சட்டம், பிரிவு 31(7)-இன்படி, இப்படி அனுப்பிய சரக்குக்கு விற்பனை நடக்கும்போதோ அதற்கு முன்போ, அல்லது அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் பில் போட வேண்டும்.

இதை "ஆறு மாதம் வரை வரி இல்லை" என்று படிப்பவர்கள் நிறைய. "எது முந்தியதோ" என்பதை விட்டுவிடுகிறார்கள். கெடு 30 நாளில் முடிந்தால் விற்பனையும் அன்றே நடந்துவிட்டது. பில்லும் அன்றே வேண்டும். ஆறு மாதம் என்பது எல்லைக்கோடு. கெடு எதுவாக இருந்தாலும், கடைக்காரர் என்ன சொன்னாலும், அதைத் தாண்டிப் பில் இல்லாமல் சரக்கு வெளியே இருக்க முடியாது. கெடுவை நீட்டித்துக்கொண்டே போவதும் இந்தக் கோட்டில் வந்து நின்றுவிடும். வரி தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

பில் போட்ட மாதத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் அது சாதாரண விற்பனையாகவே ஏறும். சலான்களின் தொடர் எண்களை அதே படிவத்தின் 13-ஆம் அட்டவணையில், பார்த்து எடுக்க அனுப்பும் சலான்களுக்கென்றே உள்ள வரிசையில் காட்ட வேண்டும்.

படி 4: மார்ச் 31, கடை கடையாக

இப்போது கணக்கைப் போடுவோம். புரிவதற்காக எல்லாப் புடவைக்கும் ஒரே விலை: அடக்கம் 4,000 ரூபாய், விற்பனை விலை வரி நீங்கலாக 5,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 5 சதவீதம். முடியும் ஆண்டு 2024-25.

பென்னாகரம் கடைக்கு 2025 ஜனவரி 10 அன்று 24 புடவைகள் போயின. மதிப்பு 1,20,000 ரூபாய் என்பதால் இ-வே பில் போடப்பட்டது. கெடு பிப்ரவரி 10. பிப்ரவரி 5 அன்று 8 புடவைகள் திரும்பி வந்தன. அடுத்த நாள் 12 புடவைகளை எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். மீதி 4 பற்றிப் பேச்சே இல்லை. பிப்ரவரி 10 மாலை அந்த 4-உம் விற்பனை ஆகிவிட்டன. ஆக 16 புடவைகள், 80,000 ரூபாய். 12-க்குப் பிப்ரவரி 6 தேதியிலும் 4-க்குப் பிப்ரவரி 10 தேதியிலும் பில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் விட்டுப்போயிருந்தால் மார்ச்சில் கண்டுபிடிக்கும்போது வட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். தேதியை மாற்றி எழுத வேண்டாம்.

பாலக்கோடு கடைக்கு மார்ச் 1 அன்று 10 புடவைகள். கெடு மார்ச் 25. மார்ச் 24 இரவு, 6 டேக் எண்களோடு ஒரு செய்தி வந்தது: "அண்ணே, இந்த 6 வேண்டாம், அடுத்த வண்டியில போட்டு விடுறேன்." மார்ச் 31 வரை வண்டி வரவில்லை. இந்த 6-உம் இருப்பு, ஏனென்றால் கெடுவுக்குள் மறுப்பு வந்துவிட்டது. சொல்லாமல் விட்ட 4 மட்டும் மார்ச் 25 தேதியில் விற்பனை: 20,000 ரூபாய். அந்தச் செய்தியைப் படமெடுத்துச் சலானோடு கோத்து வையுங்கள். ஏன் 10-ஐயும் விற்பனையாக்கவில்லை என்று தணிக்கையாளர் கேட்டால் காட்ட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஓசூர்க் கடைக்கு மார்ச் 12 அன்று 15 புடவைகள். மதிப்பு 75,000. மாநிலத்துக்குள் என்பதால் இ-வே பில் தேவைப்படவில்லை. கெடு ஏப்ரல் 11. கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, கெடுவும் முடியவில்லை, எனவே 15-உம் இருப்பு என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படாமல், மார்ச் 31 மாலை நிலவரத்தை டேக் எண் வாரியாகக் கேட்டு, கையெழுத்தோடு ஒரு தாள் வாங்குங்கள். இந்தக் கணக்கில் அப்படி வாங்கியபோது, மார்ச் 28 அன்று 5 புடவைகளை அவர் கல்யாண வீட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டது தெரிந்தது. அந்த 5 நம் விற்பனை: 25,000 ரூபாய். மீதி 10 இருப்பு.

அந்த 10-ஐயும் ஏப்ரல் 3 அன்று அவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால்? கணக்கு இன்னும் மூடவில்லை, மார்ச்சிலேயே சேர்த்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. மார்ச் 31 அன்று ஏற்பு இல்லை, கெடுவும் முடியவில்லை. அது 2025-26-இன் விற்பனை.

பெங்களூருக் கடைக்கு 2024 செப்டம்பர் 20 அன்று 12 புடவைகள், மதிப்பு 60,000. மாநிலம் தாண்டியதால் இ-வே பில் உண்டு. சலானில் கெடு எழுதவில்லை. தீபாவளி வியாபாரத்துக்காகப் போன சரக்கு. அதன் பிறகு தகவலே இல்லை. ஆறு மாதம் 2025 மார்ச் 20 அன்று முடிகிறது. அதற்குள் பில் போட்டாக வேண்டும்: 60,000 ரூபாயும் ஐ.ஜி.எஸ்.டி. 3,000 ரூபாயும். தமிழ்நாட்டு விற்பனை போல வரியை இரண்டாகப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். புத்தகக் கணக்கிலும் இது சந்தேகமில்லாமல் விற்பனைதான், ஏனென்றால் அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31 அன்று முடிந்துவிட்டது. இங்கே ஆபத்து வேறு. தீபாவளிச் சரக்குக்கு "நியாயமான காலம்" நவம்பரிலேயே முடிந்தது, வரி நவம்பரிலேயே வந்திருக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னால், சலானில் கெடு இல்லாத உங்களால் எதிர்வாதம் வைப்பது கடினம்.

கூட்டிப் பார்த்தால், அனுப்பிய 61 புடவைகளில் 8 திரும்பின. 37 விற்பனை ஆயின (1,85,000 ரூபாய்). 16 கடைகளில் நம் இருப்பாக உள்ளன. இந்த மூன்றின் கூட்டுத்தொகை 61-க்குச் சரியாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பதிவேட்டுக்குத் திரும்புங்கள்.

படி 5: இருப்பை எந்த விலைக்கு எழுதுவது

கடைகளில் இருக்கும் 16 புடவைகளின் மதிப்பு அடக்க விலையில் 64,000 ரூபாய். சலானில் இருப்பது விற்பனை விலை என்பதால், அதைப் பார்த்து 80,000 என்று எழுதும் தவறு ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. விற்காத புடவையில் இலாபம் 16,000 ரூபாய் புகுந்துவிடும்.

விற்பனை விலையிலிருந்து அடக்கத்துக்கு வரும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. நம் இலாபம் அடக்கத்தின் மேல் 25 சதவீதம். அதற்காக 5,000-இல் 25 சதவீதம் கழித்தால் 3,750 வரும், அது தவறு. அடக்கத்தின் மேல் 25 சதவீதம் என்பது விற்பனை விலையில் 20 சதவீதம். 5,000-இல் 1,000 கழித்தால்தான் 4,000. டேக் எண் வாரியாக அடக்கம் எழுதிவைத்தவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

பூச்சி அரித்ததோ மடிப்பில் சாயம் போனதோ தெரியவந்தால், அந்தப் புடவையை விற்றால் செலவு போகக் கிடைக்கக்கூடிய தொகையை அடக்கத்தோடு ஒப்பிட்டு, குறைந்ததை எழுதுங்கள்.

பழைய முறையில் எல்லாவற்றையும் முதலிலேயே விற்பனையாக எழுதியவர்கள் மார்ச் 31 அன்று இரண்டு பதிவு செய்ய வேண்டும். விற்பனைக் கணக்கைப் பற்று வைத்துக் கடைக்காரர்களை வரவு வைக்க வேண்டும்: பாலக்கோடு 30,000, ஓசூர் 50,000, மொத்தம் 80,000. இதோடு ஏற்கெனவே ஏற்றிய வரியும் நீங்க வேண்டும். பிறகு "ஒப்புதலுக்கு அனுப்பிய சரக்கிருப்பு" என்ற கணக்கைப் பற்று வைத்து, வியாபாரக் கணக்கை 64,000 வரவு வைக்க வேண்டும். இரண்டையுமே மறந்தால் இலாபம் 16,000 கூடுதலாகத் தெரியும். முதல் பதிவைச் செய்து இரண்டாவதை மறந்தால் இலாபம் 64,000 குறைந்துவிடும். நடைமுறையில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான், ஏனென்றால் கிடங்கில் எண்ணப் போனவர் கண்ணில் அந்தப் புடவைகள் படுவதே இல்லை. முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது மொத்த இலாப விகிதம் காரணமில்லாமல் சரிந்திருந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

பில் போட்ட பிறகு சரக்கு திரும்பினால்

பெங்களூருக் கடைக்காரர் ஏப்ரல் கடைசியில் 12 புடவைகளையும் திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவை அவர் வாங்கியவை. ஏற்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உறவைக் கருதி ஏற்றால், அது 2025-26-இல் நடந்த விற்பனைத் திருப்பம். மூடிய ஆண்டைத் திறந்து மார்ச் விற்பனையை அழிக்கக்கூடாது. பிரிவு 34-இன்படி கிரெடிட் நோட் போட்டு ஐ.ஜி.எஸ்.டி. 3,000 ரூபாயைக் குறைத்துக்கொள்ளலாம். 2024-25 விற்பனைக்கான அந்தக் கிரெடிட் நோட்டை, ஆண்டு விவர அறிக்கையை அதற்கு முன்பே தாக்கல் செய்யாத வரை, 2025 நவம்பர் 30-க்குள் அறிக்கையில் காட்டினால்தான் வரி குறையும். அவர் உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் அதைத் திருப்பியிருக்க வேண்டும் என்பதால், சரக்கை இறக்கும் முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.